வீடியோ ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட், மெமரி: ஒரு நிகழ்ச்சியை இடம் தீராமல் எடுத்து முடிக்க

போனில் வீடியோ எடுக்கிறவர்கள் பொதுவாக இரண்டு வகை. போன் வாங்கியபோது இருந்த செட்டிங்கைத் தொடாமலே எடுப்பவர்கள் ஒரு வகை. “இருப்பதிலேயே பெரியது எதுவோ அதை வை” என்று 4K, 60-க்குத் தள்ளிவிட்டு, பாதி நிகழ்ச்சியில் ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது’ என்ற செய்தியைப் பார்த்து முழிப்பவர்கள் இன்னொரு வகை. அரங்கேற்றம், பள்ளி ஆண்டு விழா, கல்யாணம் என்று போகும் இடத்திலெல்லாம் இரண்டாம் வகையில் ஒருவராவது பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவசர அவசரமாகப் பழைய படங்களை அழித்துக்கொண்டிருப்பார்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பரதநாட்டிய அரங்கேற்றம் ஒன்றை, அரங்கத்தின் பின்வரிசையில் முக்காலியில் வைத்த ஐபோனில் எடுக்க வேண்டும். போனில் 22 ஜிபி காலி. எந்த ரெசல்யூஷன், அதாவது ஒரு படத்தில் எத்தனை பிக்சல்? எந்த ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம்? ஆண்ட்ராய்டில் எங்கே வேறுபடும் என்பதை வரும் இடத்தில் சொல்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் வரிசைதான் இதில் முக்கியம். எல்லோரும் முதலில் கை வைப்பது ரெசல்யூஷனில். உண்மையில் அது கடைசியில் வர வேண்டியது. எவ்வளவு நேரம் எடுக்கப் போகிறோம், எவ்வளவு இடம் இருக்கிறது, எந்த ஃபார்மட், எந்த ஃபிரேம் ரேட், இவ்வளவும் முடிவான பிறகு மிச்சமுள்ள இடத்தை ரெசல்யூஷனுக்குச் செலவு செய்யலாம்.

## 1. தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது, நிகழ்ச்சியின் நீளம். அழைப்பிதழில் இருக்கும் நேரம் உதவாது. ஆசிரியரிடம் உருப்படிகளின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேர அரங்கேற்றத்தில் சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை, உடை மாற்றும் இடைவெளி எல்லாம் போக, நடனம் மட்டும் 110 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் வர்ணம் 35 நிமிடம், தில்லானா 10 நிமிடம். மீதி 65 நிமிடம் அலாரிப்பு, ஜதிஸ்வரம், பதம் முதலான மற்ற உருப்படிகள்.

இரண்டாவது, காலி இடம். `Settings > General > iPhone Storage` பக்கத்தின் மேலே எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்று இருக்கும். மொத்தத்தில் அதைக் கழித்துப் பாருங்கள். பார்ப்பதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். போட்டோஸ் ஆப்பில் அழித்தவை உடனே போவதில்லை. `Recently Deleted` ஆல்பத்தில் 30 நாள் வரை உட்கார்ந்திருக்கும், இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே போய் மறுபடி அழித்தால்தான் இடம் காலியாகும். “இவ்வளவு அழிச்சும் இடமே கூடலையே” என்று வருகிற புலம்பலில் பெரும்பகுதி இதனால்தான்.

மூன்றாவது, எடுத்த வீடியோவை யார், எதில் பார்க்கப் போகிறார்கள் என்பது. வாட்ஸாப்பில் உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் என்றால் அது போகும் வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். 4K எடுத்தும் பயனில்லை. வீட்டு டிவியில் பார்க்க, பிறகு வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள என்றால் கதை வேறு. நம் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

## 2. மெமரியைத் தின்பது எது என்று புரிந்துகொள்ளுங்கள்

வீடியோ கோப்பின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட். அதாவது, ஒரு விநாடிப் படத்துக்குப் போன் எத்தனை பிட் தரவு எழுதுகிறது என்பது. ரெசல்யூஷனும் ஃபிரேம் ரேட்டும் மாறும்போது போன் பிட்ரேட்டையும் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் அதே விகிதத்தில் இல்லை. இங்கேதான் கணக்குத் தவறுகிறது.

ஐபோனில் `Settings > Camera > Record Video` பக்கத்துக்குப் போய்ப் பட்டியலின் கீழே பாருங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் நிமிடத்துக்கு எத்தனை எம்பி ஆகும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. ஹை எஃபிஷியன்ஸி ஃபார்மட்டில், எச்டிஆர் இல்லாமல், பல மாடல்களில் வரும் எண்கள் இவை:

```
720p  30 fps    40 MB
1080p 30 fps    60 MB
1080p 60 fps    90 MB
4K    24 fps   135 MB
4K    30 fps   170 MB
4K    60 fps   400 MB
```

புதிய மாடல்களில் `HDR Video` இயங்கிக்கொண்டிருந்தால் எண்கள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். உங்கள் போனில் அந்தப் பக்கம் என்ன சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை நிதானமாகப் பாருங்கள். 1080p என்பது 1920 × 1080 பிக்சல். 4K என்பது 3840 × 2160. பிக்சல் சரியாக நான்கு மடங்கு. ஆனால் 30 ஃபிரேமில் இடம் 60-லிருந்து 170-க்குத்தான் போகிறது. மூன்று மடங்கைக்கூடத் தொடவில்லை. 1080p-இல் ஃபிரேமை 30-லிருந்து 60 ஆக்கினால் படங்களின் எண்ணிக்கை இரட்டிப்பு. இடமோ ஒன்றரை மடங்குதான். காரணம், வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. ஒரு முழுப் படத்தை எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதிக்கொண்டு போகும். விநாடிக்கு 60 படம் எடுத்தால் அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே மாற்றம் இன்னும் குறைவு. எழுத வேண்டியதும் குறைவு.

கடைசி வரி மட்டும் துள்ளி நிற்கிறது. 4K-யில் 30-லிருந்து 60-க்குப் போனால் 170 எம்பி 400 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஒரு தேர்வுதான் பெரும்பாலானோரின் போனை நிரப்பிவிடுவது. மற்ற எல்லாத் தேர்வுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். இதைத் தெரியாமல் வைத்துவிட்டால் சமாளிக்க முடியாது.

## 3. முதலில் ஃபார்மட்டைச் சரிபாருங்கள்

`Settings > Camera > Formats` பக்கத்தில் `High Efficiency`, `Most Compatible` என்று இரண்டு இருக்கும். முதலாவது எச்இவிசி என்ற புதிய சுருக்க முறை. இரண்டாவது எச்.264 என்ற பழைய முறை. எங்கோ ஒரு பழைய கம்ப்யூட்டரில் படம் திறக்கவில்லை என்று யாரோ சொல்லி, பலர் இதை இரண்டாவதற்கு மாற்றிவிட்டு அப்புறம் மறந்திருப்பார்கள்.

இதன் விலை பெரிது. பழைய முறையில் 1080p, 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்கு 130 எம்பி. 4K, 30-க்கு 350 எம்பி. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஏதும் இல்லாமலே இரண்டு மடங்கு. ரெசல்யூஷனைக் குறைக்காமலே இந்த ஒரு சுவிட்சில் பாதி இடம் மிச்சமாகும், அதுவும் படத்தின் தரம் கெடாமல். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

சாம்சங் போன்களில் கேமரா செட்டிங்ஸுக்குள் `Advanced video options` பகுதியில் `High efficiency videos` என்று இருக்கும். பிற ஆண்ட்ராய்டு போன்களில் எச்இவிசி அல்லது எச்.265 என்று தேடுங்கள். படம் எடிட் செய்து தரப்போகிறவரின் கம்ப்யூட்டர் உண்மையிலேயே பழையது என்றால் மட்டும், அவரிடம் ஒரு சின்ன கிளிப்பை அனுப்பித் திறக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

## 4. ஃபிரேம் ரேட்டை முடிவு செய்யுங்கள்

ரெசல்யூஷனுக்கு முன் ஃபிரேம் ரேட் ஏன்? 4K-யில் எடுத்ததைப் பிறகு 1080p ஆக்கலாம், யாருக்கும் தெரியாது. 30-இல் எடுத்ததை 60 ஆக்க வேண்டுமென்றால் இல்லாத படங்களை மென்பொருள்தான் கற்பனை செய்து நிரப்ப வேண்டும். வேகமாக ஆடும் கை விரல்கள் அதில் குழைந்துபோகும். போதாக்குறைக்கு, ஃபிரேம் ரேட் வெளிச்சத்தையும் தொடுகிறது.

வெளிச்சம். விநாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது அதிகபட்சம் 1/60 விநாடி. 30 என்றால் 1/30. பாதி நேரம் என்றால் பாதி வெளிச்சம். மேடை விளக்கு பளிச்சென்று இருக்கும்போது இது தெரியாது. பதத்துக்கு விளக்கை மங்க வைத்து நாயகி முகத்தில் மட்டும் ஒளி போடும்போது தெரியும்: பின்திரையில் பொடிப் பொடியாகப் புள்ளிகள் கொதிக்கும். அந்தப் புள்ளிகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைச் சுருக்குவதும் கடினம். போன் ஒதுக்கிய பிட்டுகளில் ஒரு பங்கு இந்தக் குப்பைக்கே போய், முகத்துக்குக் கிடைப்பது குறையும்.

அசைவு. 60 பயன்படும் இடம் ஒன்று உண்டு. 60-இல் எடுத்ததைப் பாதி வேகத்தில் ஓட்டினாலும் விநாடிக்கு 30 படம் கிடைக்கும், தடுக்காமல் ஓடும். ஜதியில் கால் எங்கே விழுந்தது, அரைமண்டி எங்கே தளர்ந்தது என்று ஆசிரியர் மெதுவாக ஓட்டிக் காட்ட விரும்பினால் இது அருமையாக உதவும். ஆனால் அந்த வேலையை ஒத்திகையில், வெளிச்சமான அறையில் முடித்துக்கொள்ளலாம். அரங்கேற்றத்தன்று வேண்டியது 30.

விளக்குத் துடிப்பு. நம் ஊரில் இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த மின்சாரத்தில் நேரடியாக எரியும் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். 100-ஐ 25-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 4. அதனால் 25 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு படமும் துடிப்பின் அதே கட்டத்தில் விழும். ஒளி நிலையாகத் தெரியும். 100-ஐ 30-ஆல் வகுத்தால் சரியாக வராது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் ஒளி மாறிக்கொண்டே போகும். பின்திரையில் இருண்ட பட்டைகள் மெல்ல மேலும் கீழுமாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், அது இதுதான். பெரும்பாலான நேரம் போனே ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் நிறுத்திச் சமாளித்துவிடும். எப்போதும் அல்ல.

ஐபோனில் `Record Video` பக்கத்தில் `Show PAL Formats` என்ற சுவிட்சைப் போட்டால் 25 ஃபிரேம் தேர்வுகள் பட்டியலில் சேரும். ஆண்ட்ராய்டின் சாதாரண கேமராவில் 25 பெரும்பாலும் இருக்காது. ப்ரோ வீடியோ முறையிலோ, பிளாக்மேஜிக் கேமரா போன்ற தனி ஆப்பிலோ பார்க்க வேண்டும். ஒத்திகை நாளில் அரங்க விளக்குகளை எரியவிட்டு 30-இல் அரை நிமிடம் எடுத்துப் பாருங்கள். பட்டை ஓடவில்லையா, 30-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். ஓடினால் 25. மேடைக்குப் பின்னால் எல்இடி திரை கட்டியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது; அவை வேறு வேகத்தில் துடிப்பவை. அதற்கு, திரையின் வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கச் சொல்வதுதான் வழி.

25 ஃபிரேமுக்கான எம்பி, பட்டியலில் 30-க்குப் போட்டிருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே ஆகும். எனவே 30-இன் எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். தவறினாலும் நமக்குச் சாதகமாகத்தான் தவறும்.

எதைத் தேர்ந்தாலும் நிகழ்ச்சி முழுக்க அதே ஃபிரேம் ரேட்டில் இருங்கள். ஒரே எடிட்டிங்கில் 4K கிளிப்பையும் 1080p கிளிப்பையும் கலந்தால் பிரச்சினை இல்லை, அளவு மாற்றிக்கொள்ளலாம். 25-ஐயும் 30-ஐயும் கலந்தால் ஒன்று தடுக்கித் தடுக்கி ஓடும். நடனத்தில் அது அப்பட்டமாகத் தெரியும்.

## 5. இப்போது ரெசல்யூஷன்

எங்கெங்கே 4K உண்மையிலேயே வேலை செய்கிறது என்று கேளுங்கள். பெரிய டிவியில் பார்க்க என்பது ஒரு பதில். அதைவிட நல்ல பதில், வெட்டுவதற்கு. 4K படத்தின் அகலத்திலும் உயரத்திலும் பாதியை எடுத்தால் கிடைப்பது 1920 × 1080, முழு எச்டி. போன் பின்வரிசையில் அசையாமல் நிற்கிறது. மேடை முழுக்க ஃபிரேமில் இருக்கிறது. வர்ணத்தில் சஞ்சாரி வரும்போது முகபாவம் தெரிய வேண்டும். 4K-யில் எடுத்திருந்தால் எடிட்டிங்கில் ஆடுபவரை மட்டும் வெட்டி எடுத்து, இரண்டாவது கேமரா இருந்தது போலக் காட்டலாம். 1080p-இல் எடுத்ததை அப்படி வெட்டினால் முகம் மாவாகிவிடும்.

அலாரிப்பிலும் ஜதிஸ்வரத்திலும் முழு உருவமும் மேடையில் இடம் மாறும் கோலமும்தான் முக்கியம். வெட்டத் தேவையில்லை, 1080p போதும். ஆக, வர்ணத்துக்கும் தில்லானாவுக்கும் 4K, மற்றவற்றுக்கு 1080p.

720p பக்கம் போக வேண்டாம். 1080p-ஐ விட நிமிடத்துக்கு 20 எம்பிதான் மிச்சம். 65 நிமிடத்துக்கும் சேர்த்து 1.3 ஜிபி. அதற்காகப் படத்தின் பாதிக்கு மேற்பட்ட பிக்சலை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

## 6. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நிமிடத்தை எம்பியால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் ஜிபி. காலி இடம் 22 ஜிபி. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் வரம்பு, அதாவது சுமார் 14.7 ஜிபி. மீதி எதற்கு? வர்ணம் ஐந்து நிமிடம் நீளலாம். பொன்னாடை போர்த்துவதை எடுக்கச் சொல்லி பாட்டி கேட்பார். நிகழ்ச்சி முடிந்து ஒரு கிளிப்பை வெட்டிப் புதிய கிளிப்பாகச் சேமித்தால் அதுவும் தனியாக இடம் கேட்கும்.

```
எல்லாம் 4K 60          110 × 400 = 44,000 MB   44.0 GB
எல்லாம் 4K 30          110 × 170 = 18,700 MB   18.7 GB
எல்லாம் 1080p 60       110 × 90  =  9,900 MB    9.9 GB
எல்லாம் 1080p 30       110 × 60  =  6,600 MB    6.6 GB

கலப்பு, 30 fps:
  4K                   45 × 170  =  7,650 MB
  1080p                65 × 60   =  3,900 MB
  மொத்தம்                          11,550 MB   11.6 GB
```

4K 60 வைத்திருந்தால் 55-ஆவது நிமிடத்தில் போன் நின்றிருக்கும், அநேகமாக வர்ணத்தின் நடுவில். எல்லாவற்றையும் 4K 30-இல் எடுப்பது 22-க்குள் அடங்கும்தான்; ஆனால் மூன்று ஜிபிதான் மிஞ்சும், நான் துணிய மாட்டேன். கலப்பு முறை வரம்புக்குள் வசதியாக நிற்கிறது.

இதே கலப்பை `Most Compatible` ஃபார்மட்டில் போட்டுப் பாருங்கள். 45 × 350 என்றால் 15,750. 65 × 130 என்றால் 8,450. மொத்தம் 24.2 ஜிபி. ரெசல்யூஷனும் ஃபிரேம் ரேட்டும் அதேதான், ஆனால் போனில் இடமே போதாது. மூன்றாம் படியை விட்டுவிட்டு ஐந்தாம் படிக்குத் தாவுகிறவர்கள் மாட்டுவது இங்கே.

நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று போன் சொல்லாவிட்டால் இரண்டு வழி உண்டு. பிட்ரேட் எம்பிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்று தெரிந்தால் 7.5-ஆல் பெருக்குங்கள், 8 பிட் சேர்ந்து ஒரு பைட், 60 விநாடி சேர்ந்து ஒரு நிமிடம், அவ்வளவுதான். 20 எம்பிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு 150 எம்பி. கேமராவில் 100 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தால் 750 எம்பி. 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 85 நிமிடம். பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு எட்டு மடங்கு தவறும் என்பதால் இதில் மட்டும் கவனம் வேண்டும்.

பிட்ரேட் தெரியாவிட்டால், சரியாக ஒரு நிமிடம் எடுத்து, அந்தக் கிளிப்பின் விவரங்களில் அளவைப் பாருங்கள். சுவரைப் பார்த்து எடுக்காதீர்கள். அசைவே இல்லாத படம் சில போன்களில் சின்னதாகச் சுருங்கி, பொய் நம்பிக்கை தரும். ஒத்திகையில் ஆடுவதையே எடுங்கள்.

## 7. போனில் வைத்து, மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

`Record Video` பக்கத்தில் 1080p 30 வையுங்கள். கேமராவின் வீடியோ முறையில் திரையின் மேல் மூலையில் `HD · 30` என்று தெரியும். வர்ணம் தொடங்கும் முன் அந்த `HD`-யைத் தொட்டால் `4K` ஆகும். பக்கத்தில் இருக்கும் எண்ணில் விரல் பட்டால் ஃபிரேம் ரேட் மாறிவிடும். இருட்டில் இது அடிக்கடி நடக்கும். பதிவு பொத்தானை அழுத்தும் முன் மூலையை ஒரு தடவை பாருங்கள். சாம்சங்கில் இதே இடத்தில் `FHD 30`, `UHD 60` என்ற வகையில் தெரியும்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது ரெசல்யூஷனை மாற்ற முடியாது. உருப்படிக்கு ஒரு கிளிப் என்று நிறுத்தி நிறுத்தி எடுங்கள். எடிட் செய்பவருக்கும் சுலபம். ஏதாவது ஒரு கோப்பு கெட்டாலும் மற்றவை தப்பிக்கும்.

`Auto FPS` என்று ஒரு தேர்வு இருக்கும். மங்கலான ஒளியில் போன் தானாகவே 30-ஐ 24 ஆக்கிக்கொள்ள அனுமதிப்பது அது. வீட்டில் எடுக்க நல்லதுதான். எடிட்டிங்குக்குப் போகும் வீடியோவில் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ரேட் நடுவே மாறிய கிளிப்பைச் சில எடிட்டிங் மென்பொருள்கள் சரியாகப் படிக்காமல், போகப் போக சலங்கை ஒலி ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக விலகிவிடும்.

கடைசியாக, ஏரோப்ளேன் மோடு. அழைப்பு வந்தால் பதிவு தடைபடலாம். போன் சூடாவதும் கொஞ்சம் குறையும். நீளமான 4K பதிவில் சூடு ஒரு நிஜமான தொல்லை. தடிமனான கவரைக் கழற்றிவிட்டு முக்காலியில் மாட்டுங்கள்.

## 8. தனி கேமராவும் மெமரி கார்டும் என்றால்

மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். கூடுதலாக இரண்டு விஷயம்.

கார்டின் வேகம்: அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது, இடைவிடாமல் எழுதும் குறைந்தபட்ச வேகம். அதைச் சொல்வது `V30` போன்ற குறி. `V30` என்றால் விநாடிக்கு 30 எம்பிக்குக் குறையாது. 100 எம்பிபிஎஸ் வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பிதான் என்பதால் தாராளமாகப் போதும். மெதுவான கார்டைப் போட்டால், இடம் இருக்கும்போதே பதிவு பாதியில் நிற்கும். அதை இடப் பற்றாக்குறை என்று எண்ணிக்கொண்டு படங்களை அழிப்பவர்கள் உண்டு.

கோப்பு துண்டாவது: 32 ஜிபி வரையிலான கார்டுகள் வழக்கமாக `FAT32` முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கேமரா அந்த எல்லையில் புதிய கோப்பைத் தானாகத் தொடங்கும். வர்ணம் இரண்டு மூன்று துண்டாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம், வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம். ஒரு துண்டை “இது டூப்ளிகேட்” என்று அழித்துவிடாமல் இருந்தால் போதும்.

## 9. எடுத்து முடித்த பிறகு

முதலில் எல்லாக் கிளிப்புகளையும் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கோ ஹார்ட் டிஸ்குக்கோ நகலெடுங்கள். ஐபோனில் `Settings` பகுதியின் போட்டோஸ் பக்கத்தில் `Transfer to Mac or PC` என்ற இடத்தில் `Keep Originals` இருக்கிறதா என்று பாருங்கள். `Automatic` என்று இருந்தால் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி வேறு ஃபார்மட்டுக்கு மாற்றி அனுப்பக்கூடும். அதற்கு நேரம் பிடிக்கும், சில சமயம் நகலெடுப்பது பாதியில் அறுந்தும் போகும்.

நகலெடுத்ததும் அங்கே ஒவ்வொரு கிளிப்பையும் திறந்து, நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். அளவும் போனில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். வர்ணம் 35 நிமிடம், 4K 30 என்றால் 6 ஜிபிக்குப் பக்கத்தில் இருக்கும். 2 ஜிபி என்று வந்தால், எடுக்கும்போது `4K`-க்கு மாற்ற மறந்திருப்பீர்கள் அல்லது நகல் முழுதாக வரவில்லை. விவரங்களில் 1920 × 1080 என்று இருந்தால் முதலாவது. நீளம் குறைந்திருந்தால் இரண்டாவது.

உறவினர்களுக்கு அனுப்ப, மூலக் கோப்பைத் தொடாமல் 1080p-இல் ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். தரம் குறையாமல் வேண்டும் என்று யாராவது கேட்டால் வாட்ஸாப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பலாம். ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரை போகும். 35 நிமிட வர்ணத்தின் 4K மூலம் அதில் அடங்காது, 1080p நகலில் தேவையான பகுதி அடங்கும்.

இரண்டு இடத்தில் நகல் இருப்பதை உறுதி செய்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். ஐக்ளவுட் போட்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அதை ஒரு நகலாக எண்ணாதீர்கள். போனில் அழித்தால் அங்கேயும் அழியும். அழித்தபின் மறுபடி `Recently Deleted` போய் அங்கேயும் காலி செய்யுங்கள், அடுத்த வாரம் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இடம் வேண்டுமே.